நீல டிக் எதற்குச் சாட்சி?

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்பவர்களுக்கு, ஒரு செய்தி எப்போது வந்து சேர்ந்தது என்பது பணம் சம்பந்தப்பட்ட கேள்வி. களிமண்ணைக் கரைத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றும் முன்பு வரை பொருளின் வடிவத்தை மாற்றலாம். உலர்ந்த பொருளுக்கு கிளேஸ் கொடுக்கும் முன்பு வரை நிறத்தை மாற்றலாம். சூளையில் ஏற்றி, வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் பிறகு எதையும் மாற்ற முடியாது. சுட்ட பீங்கான் மறுபடி களிமண் ஆகாது. அகல் விளக்கு, கொலு பொம்மை, மின்சாரத்துக்கான ஃபியூஸ் கேரியர் என்று இந்த ஊரில் செய்யப்படும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கார்த்திகை நெருங்கும் நாள்களில் இப்படி ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். சென்னையில் இருக்கும் ஒரு மொத்தக் கடைக்காரர், விருத்தாசலம் பட்டறை ஒன்றில் 2,000 விளக்குகளுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். பழுப்பு கிளேஸ் என்று பேச்சு. செவ்வாய்க்கிழமை மாலை 7.10 மணிக்கு அவர் மனம் மாறி, பட்டறைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்: “அண்ணே, பழுப்பு வேணாம். பச்சையிலயே போடுங்க. திரி வைக்கிற மூக்கு எப்படி வரணும்னு படம் அனுப்பிருக்கேன், பாத்துக்குங்க.” கூடவே கையால் வரைந்து, அளவு குறித்த ஒரு தாளின் புகைப்படம். சிறிது நேரத்தில் இரண்டு டிக்கும் நீலமாகின்றன. கடைக்காரர் நிம்மதியாகப் போனைக் கீழே வைக்கிறார். வியாழக்கிழமை 2,000 விளக்குகளும் பழுப்பு நிறத்தில், பழைய மூக்கோடு சூளையிலிருந்து இறங்குகின்றன.

பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை. கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பிலும் எந்தக் கோளாறும் இல்லை. ஒவ்வொரு டிக்கும் தன் வேலையைச் சரியாகவே செய்தது. அந்த இரண்டு நாளில் என்ன நடந்திருக்க முடியும் என்பதைப் படிப்படியாகப் பார்த்தால், டிக் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதே இல்லை என்பது விளங்கும்.

கடைக்காரர் அனுப்பும் பொத்தானைத் தொட்டதும் முதலில் தெரிவது டிக் இல்லை. ஒரு சிறிய கடிகாரம். செய்தி இன்னும் அவருடைய போனுக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். போன் அந்தச் செய்தியைப் பூட்டி, அதாவது மறையாக்கம் செய்து, வாட்ஸ்அப் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் வாங்கிக்கொண்டு “வந்தது” என்று ஒரு சிறு பதில் அனுப்பும். அந்தப் பதில் வந்ததும் கடிகாரம் போய், சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு டிக் விழுகிறது. ஒற்றை டிக் போடப்படுவது சர்வரின் சொல்லை வைத்து. விருத்தாசலத்துக்கு அந்தச் செய்தி போயிற்றா என்பது பற்றி அதில் ஒரு தகவலும் கிடையாது.

இனி சர்வர் பெறுநரைத் தேட வேண்டும். அவருடைய போன் அணைந்திருந்தாலோ இணையம் இல்லாவிட்டாலோ சர்வர் செய்தியை வைத்துக் காத்திருக்கும். இப்படி 30 நாள் வரை காத்திருக்கும். அதற்குள் சேர்க்க முடியாவிட்டால் அழித்துவிடும். போன் உயிரோடு இருந்து, இணையமும் இருந்தும்கூட ஒற்றை டிக் மணிக்கணக்கில் நிற்கலாம். பேட்டரியை மிச்சப்படுத்த, திரையில் இல்லாத செயலிகளைத் தூங்க வைத்துவிடும் ஆண்ட்ராய்டு போன்கள் நிறைய உண்டு. அந்தப் போனில் வாட்ஸ்அப்பை ஒருமுறை திறந்த பிறகுதான் காத்திருந்த செய்திகள் மொத்தமாக வந்து விழும். அனுப்பியவருக்கு அதுவரை ஒற்றை டிக்தான்.

பெறுநர் உங்களை பிளாக் செய்திருந்தாலும் ஒற்றை டிக்தான் தெரியும், அது என்றைக்கும் இரண்டாகாது. பின்னால் அவர் பிளாக்கை எடுத்தாலும், பிளாக் இருந்த காலத்தில் அனுப்பியவை போய்ச் சேராது. போன் அணைந்திருக்கிறதா, பிளாக் செய்திருக்கிறாரா என்று டிக்கை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாதபடி வேண்டுமென்றேதான் வைத்திருப்பதாக வாட்ஸ்அப் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. பிளாக் செய்தவரின் அந்தரங்கத்தைக் காக்க அது. நியாயமான காரணம்தான். ஒருவரிடமிருந்து விலகி இருக்க நினைக்கும் பெண்ணுக்கு இந்த மங்கல் பெரிய பாதுகாப்பு. ஆனால் ஒற்றை டிக்கைப் பார்த்து “என்னை பிளாக் பண்ணிட்டான்” என்று முடிவு கட்டுவதற்கும், “போன் ஆஃப்ல இருக்கு போல” என்று சமாதானம் செய்துகொள்வதற்கும் ஆதாரம் ஒரே அளவுதான் என்பதை மறக்கக் கூடாது.

நம் கடைக்காரருக்கு இரண்டாவது டிக் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. இங்கேதான் முதல் சிக்கல். அந்த நேரத்தில் பட்டறைக்காரர் சூளையடியில் இருக்கிறார். போன் சார்ஜ் தீர்ந்து அணைந்திருக்கிறது. பின் யார் வாங்கினார்கள்?

பட்டறையின் கணக்கு அறையில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் வாங்கியது. பட்டறைக்காரர் தன் வாட்ஸ்அப்பை Linked devices வழியாக அந்தக் கம்ப்யூட்டரிலும் இணைத்திருக்கிறார்; பில் அனுப்ப அது வசதி. முன்பெல்லாம் கம்ப்யூட்டரில் தெரியும் வாட்ஸ்அப் போனின் நிழல் மாதிரி இருந்தது. போன் அணைந்தால் அதுவும் நின்றுவிடும். 2021இல் இது மாறத் தொடங்கியது. இப்போது ஒரு போனோடு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். போன் அணைந்திருந்தாலும் அவை தனியாக இயங்கும். இதற்காகச் செய்தியை அனுப்பும் முறையே மாற்றப்பட்டது. கடைக்காரர் ஒரு செய்தி அனுப்பும்போது, அவருடைய போன் பட்டறைக்காரரின் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாகப் பூட்டிய ஒரு பிரதியைச் செய்து அனுப்புகிறது. போனுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று. ஒவ்வொரு கருவியும் தன் பிரதி வந்ததும் “கிடைத்தது” என்று ரசீது அனுப்பும். ஏதாவது ஒரு கருவி ரசீது அனுப்பினாலே போதும், இரட்டை டிக் விழுந்துவிடும். எந்தக் கருவி என்று அந்த டிக் சொல்வதில்லை.

பதிவுத் தபால் தனிச் சேவையாக இருந்த காலத்தில், ஒப்புகை அட்டை திரும்பி வந்தால் அதில் ஒரு கையெழுத்து இருக்கும். பல சமயம் வீட்டில் அந்த நேரத்தில் இருந்த யாரோ ஒருவர் போட்டதாக இருக்கும். தபால் அந்த வீட்டுக்குள் போயிற்று என்பதற்கு அது சாட்சி. யார் பேருக்கு வந்ததோ அவர் கையில் போயிற்றா என்பதற்குச் சாட்சி அல்ல. இரட்டை டிக்கில் அந்தக் கையெழுத்துகூட இல்லை.

அடுத்து நீலம். கணக்கு எழுதுபவர் ஏழு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. திரையில் கடைசியாக விரிந்திருந்தது அதே சென்னைக் கடைக்காரருடனான உரையாடல். மதியம் அவருக்கு ஒரு பில் அனுப்பியிருந்தார். உரையாடல் திரையில் விரிந்து, அந்த ஜன்னல் முன்னால் இருக்கிறது. புதிய செய்தி வந்து அதில் தோன்றியதும் செயலி “காட்டப்பட்டது” என்று இன்னொரு ரசீது அனுப்புகிறது. டிக் நீலமாகிறது. அறையில் ஆள் இல்லை.

நீல டிக் 2014 நவம்பரில் அறிமுகமானது. செயலியால் அறிய முடிவது ஒன்றே ஒன்று: இந்தச் செய்தியைத் திரையில் வரைந்தோமா, இல்லையா. திரைக்கு முன்னால் கண் இருந்ததா, கண் அந்த வரியில் ஓடியதா, படித்தது புரிந்ததா என்று அறிய அதற்கு எந்த வழியும் இல்லை. பெற்றோர் போனில் குழந்தை விளையாடும்போதும், பாக்கெட்டில் திரை தப்பாகத் திறந்துகொண்டபோதும் இதே நீலம்தான் விழும்.

இதைவிட மோசமான ஒரு விளைவு இருக்கிறது. பலர் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு கருவியில் “படித்தாயிற்று” என்று ஆனதும் அந்த விவரம் மற்றக் கருவிகளுக்கும் போகும். ஒரே செய்தியை நான்கு இடத்தில் பார்க்கவேண்டிய தொல்லை இருக்கக் கூடாது என்பதற்காக. இரவு ஒன்பது மணிக்குப் பட்டறைக்காரர் போனை சார்ஜில் போட்டு எழுப்புகிறார். சென்னைக் கடைக்காரரின் செய்தி போனுக்கும் வந்து சேர்கிறது. ஆனால் புதிய செய்தி என்று காட்டும் பச்சை வட்ட எண் அந்தப் பெயருக்கு எதிரே இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே படித்ததாகக் கணக்காகிவிட்டது. மணியும் அடிக்கவில்லை. அதற்குள் வந்த இருபது பேரின் புதிய செய்திகளுக்குக் கீழே அது போய்விடுகிறது. யாருமே படிக்காமல் விழுந்த நீல டிக், படிக்கவேண்டியவரின் கண்ணிலிருந்தும் செய்தியை மறைத்துவிட்டது.

புதன்கிழமை காலை வேறு எதற்கோ அந்த உரையாடலை அவர் திறக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். “பச்சையிலயே போடுங்க” என்ற வரி கண்ணில் பட்டிருக்கலாம். படம்? அதன் கதை வேறு.

வாட்ஸ்அப்பில் நாம் ஒரு படத்தையோ பி.டி.எஃப்பையோ அனுப்பும்போது, அந்தக் கோப்பு செய்தியோடு போவதில்லை. கோப்பு முதலில் பூட்டப்பட்டு, பெரிய கோப்புகளுக்கென்று இருக்கும் தனி சர்வருக்கு ஏறுகிறது. பிறகு, அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற முகவரி, அதைத் திறக்கும் சாவி, மங்கலான ஒரு சிறு முன்தோற்றம் ஆகிய மூன்றும் மட்டும் செய்தியாகப் பெறுநருக்குப் போகின்றன. இந்தச் சிறிய செய்தி சேர்ந்ததும் இரட்டை டிக். அது திரையில் தெரிந்ததும் நீல டிக். முகவரிக்குப் போய்க் கோப்பை இறக்கிக்கொள்வது பெறுநரின் போன் பின்னால் செய்யவேண்டிய தனி வேலை. தானாக இறங்கும் வசதியை அணைத்து வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்கள் அந்த மங்கல் படத்தின் மேல் விரலை வைத்துத் தொட்டால்தான் உண்மையான படம் வரும்.

இந்த ஊர்ப்பக்கம் மட்டுமில்லை, நாடு முழுக்க இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. பிரீபெய்டு திட்டங்களில் அன்றன்றைய டேட்டா தீர்ந்துபோனால் இணைப்பு அடியோடு நிற்பதில்லை. வேகம் 64 கே.பி.பி.எஸ். அளவுக்கு விழுந்துவிடும் திட்டங்களே அதிகம். அந்த வேகத்தில் ஒரு வரிச் செய்தி நொடியில் வந்துவிடும். இரண்டு எம்.பி. படம் வர, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே, நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். அனுப்பியவர் திரையிலோ வரிக்கும் நீலம், படத்துக்கும் நீலம். மூக்கின் அளவு எழுதிய தாள் பட்டறைக்குள் வரவே இல்லை என்பதை எந்த டிக்கும் அவருக்குச் சொல்லாது. பல நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தால் படம் இறங்காமல், மறுபடி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள் என்று வருவதும் உண்டு. கோப்பைச் சர்வர் அதற்குள் நீக்கியிருக்கும்.

குரல் செய்திக்கு மட்டும் இந்த விஷயத்தில் சற்றுக் கூடுதல் தெளிவு இருக்கிறது. அதில் டிக் தவிர ஒரு மைக் அடையாளமும் உண்டு. பெறுநர் அதை ஓடவிட்டால்தான் மைக் நீலமாகும். “திரையில் தெரிந்தது” என்பதையும் “ஓடியது” என்பதையும் வாட்ஸ்அப் பிரித்துக் காட்டும் இடம் இது. படத்துக்கும் பி.டி.எஃப்புக்கும் அப்படி ஒரு அடையாளம் இல்லாதது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

இந்தக் குறை கடையும் பட்டறையும் சம்பந்தப்பட்டதாக மட்டும் நின்றுவிடவில்லை. நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2018 ஜூன் 11 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கௌதம் படேல் ஒரு வழக்கை விசாரித்தார். எஸ்.பி.ஐ. கார்ட்ஸ் நிறுவனம் ஒருவரிடமிருந்து வரவேண்டிய தொகைக்காகத் தொடுத்தது. எதிர்த்தரப்பு நோட்டீஸ் வாங்காமல் தவிர்த்துக்கொண்டே இருந்ததால், நிறுவனத்தின் அலுவலர் நோட்டீஸை பி.டி.எஃப்பாக அவருடைய வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பியிருந்தார். நீதிபதி அதை முறையாக நோட்டீஸ் சேர்ந்ததாக ஏற்றுக்கொண்டார். செய்தியும் இணைப்பும் சேர்ந்தது மட்டுமல்ல, இரண்டும் திறக்கப்பட்டதையும் அடையாளங்கள் தெளிவாகக் காட்டுகின்றன என்பது அவர் சொன்ன காரணம்.

வேண்டுமென்றே ஒளிந்துகொள்பவரைச் சட்டம் வேறு எப்படித்தான் எட்டுவது? அந்தத் தீர்ப்பின் நோக்கத்தில் எனக்கு முழு மரியாதை உண்டு. ஆனால் தொழில்நுட்பத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், செய்தி திரையில் தோன்றியது என்பது வரைதான் நீல டிக்கின் சாட்சியம். பி.டி.எஃப்பைத் திறந்தாரா என்பது அதில் இல்லை. உரையாடலைத் திறந்து, இணைப்பைத் தொடாமலே மூடியவருக்கும் நீலம்தான். நோட்டீஸின் சாரத்தை இரண்டு வரியில் செய்தியாகவே எழுதி, பி.டி.எஃப்பையும் இணைத்தால், குறைந்தது அந்த இரண்டு வரி திரையில் தோன்றியது என்பதற்காவது டிக் துணை நிற்கும்.

பிறகு வந்த உத்தரவுகளில் எச்சரிக்கை கூடியிருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 ஜூலை 10 அன்று, உச்ச நீதிமன்றம் வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் போன்றவற்றில் நோட்டீஸ் அனுப்ப அனுமதித்தது. ஆனால் அதே நாளில் அதே ஆவணத்தை மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் சதேந்தர் குமார் அந்தில் வழக்கில் இன்னும் கறாராகச் சொன்னது: விசாரணைக்கு ஆஜராகும்படி போலீஸ் கொடுக்கும் நோட்டீஸை வாட்ஸ்அப்பிலோ வேறு மின்னணு வழியிலோ சேர்ப்பிக்கக் கூடாது. அந்த நோட்டீஸுக்கு ஆஜராகாதவர் கைதாகலாம். ஒருவரின் சுதந்திரம் அடங்கிய இடத்தில் டிக் போதாது என்று நீதிமன்றம் கோடு போட்டது சரியான முடிவு.

நீலம் விழாத பக்கத்தையும் பார்த்துவிடலாம். அமைப்புகளில் Read receipts என்பதை அணைத்துவிட்டால், படித்தாலும் நீலம் போகாது. அணைத்தவருக்கும் மற்றவர்களின் நீலம் தெரியாது. கொடுக்காதவருக்குக் கிடைக்காது என்பது ஏற்பாடு. அறிவிப்புப் பட்டியில் முழுச் செய்தியையும் படித்துவிட்டு உரையாடலைத் திறக்காமல் விட்டவருக்கும் சாம்பல்தான். விமான முறையில் போட்டுவிட்டுப் படித்தால், ரசீது போனுக்குள்ளேயே காத்திருந்து, மறுபடி இணையம் வந்ததும் போகும். அதனால் நீலம் விழுந்த நேரம் படித்த நேரமாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. சாம்பல் டிக்கைப் பார்த்து “இன்னும் படிக்கல” என்று நினைப்பது, நீலத்தைப் பார்த்து “படிச்சிட்டாரு” என்று நினைப்பதைப் போலவே உறுதியில்லாத முடிவு.

குழுவில் கணக்கு மறுபடி மாறும். குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் சேர்ந்த பிறகுதான் இரட்டை டிக். அத்தனை பேரும் பார்த்த பிறகுதான் நீலம். பட்டறைத் தொழிலாளர்கள் முப்பது பேர் உள்ள குழுவில் ஒருவர் ஊருக்குப் போய்ப் போனை அணைத்து வைத்திருந்தால், மற்ற 29 பேரும் பார்த்து முடித்த பிறகும் ஒற்றை டிக்கே நிற்கும். இங்கே டிக் ஏமாற்றுவது எதிர்த்திசையில்: வேலை நடந்திருக்கும், அடையாளம் நடக்கவில்லை என்று காட்டும். செய்தியை அழுத்திப் பிடித்து Message info பார்த்தால் யாருக்குச் சேர்ந்தது, யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு என்று பெயர்வாரியாக வரும். Read receipts அணைத்தவர்களின் விவரமும் குழுவில் மட்டும் தெரியும். அந்த அமைப்பு குழுச் செய்திகளைக் கட்டுப்படுத்தாது. தனி உரையாடலிலும் Message info உண்டு. நம் கடைக்காரர் செவ்வாய் இரவே அதைத் திறந்திருந்தால், சேர்ந்த நேரமும் பார்த்த நேரமும் 7.12 என்று ஒன்றாகவே இருந்ததைக் கண்டிருப்பார். சேர்ந்த அதே நொடியில் நீலமாவது, அந்த உரையாடல் எங்கோ ஒரு திரையில் ஏற்கெனவே விரிந்து கிடந்தது என்பதற்கு நல்ல அறிகுறி. எதிரே ஆள் இருந்திருந்தால் பதிலோ, “டைப்பிங்” என்ற அசைவோ வந்திருக்கும். இரண்டும் வராதபோது சந்தேகப்படுவது நல்லது.

இதெல்லாம் வாட்ஸ்அப்பை இன்னும் நன்றாக எழுதினால் தீர்ந்துவிடும் கோளாறுகள்தானா? சில தீரும். அடிப்படைச் சிக்கல் தீராது. அது இணையத்துக்கும் முந்தியது. இணையத்தின் தாய் வலையான ஆர்ப்பாநெட்டில், ஒரு செய்தி எதிர்முனைக் கணினிக்குச் சேர்ந்ததும் வலையே அனுப்பியவருக்கு RFNM என்ற சிறு பொட்டலத்தைத் திருப்பி அனுப்பும். ‘அடுத்த செய்தியை அனுப்பலாம்’ என்பது அதன் பொருள். இன்றைய இரட்டை டிக்கின் மூதாதை என்றே அதைச் சொல்லலாம். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜெரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் மூவரும் 1984இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இந்த RFNM பற்றி எழுதினார்கள். நெரிசலைக் கட்டுப்படுத்த அது உதவியது. ஆனால் பயன்பாட்டு நிரல்களை எழுதியவர்களுக்கு அது பெரிதாகப் பயன்படவில்லை. காரணம் எளிது. செய்தி எதிர்முனைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அவர்களுக்கு முக்கியமாக இல்லை. எதிர்முனை அந்தச் செய்தியின்படி நடந்ததா என்பதே தெரிய வேண்டியிருந்தது. அதை வலையால் சொல்ல முடியாது. எதிர்முனையில் அந்த வேலையைச் செய்தவர்தான் சொல்ல முடியும். இடையில் செய்தி தொலையலாம், எதிர்முனை வாங்கிய பிறகு செயலிழக்கலாம், வாங்கி மறுக்கவும் செய்யலாம். அதனால் முனையிலிருந்து முனைக்கு ஒரு ஒப்புதல் வேண்டும். நடுவழி ரசீதுகள் அதற்கு ஈடாகாது என்பது அவர்கள் வாதம். கணினி வலைகளை வடிவமைப்பவர்கள் இன்றும் அந்தக் கட்டுரையைப் படிக்கிறார்கள்.

சென்னைக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில் இது அப்படியே பொருந்துகிறது. முனை என்பது போன் அல்ல. கிளேஸ் கரைசலைக் கலக்கும் கை. ஒற்றை டிக் சர்வர் வரை வருகிறது. இரட்டை டிக் ஏதோ ஒரு கருவி வரை வருகிறது. நீலம் ஏதோ ஒரு திரை வரை வருகிறது. அந்தத் திரைக்கும் கிளேஸ் கலக்கும் கைக்கும் இடையில் உள்ள தூரத்தை எந்த டிக்கும் கடப்பதில்லை.

கடப்பதற்கு வழி, பட்டறைக்காரர் தன் வாயால் திருப்பிச் சொல்வது. வெறும் “சரி” இதற்குப் போதாது. கட்டைவிரல் படமும் போதாது. எந்தச் செய்திக்குச் சரி சொன்னார், படத்தைத் திறந்தாரா என்பது அதில் தெரியாது. கேட்டதைத் தன் எண்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். ரயிலை ஓட்டுபவர்களும் விமானத்தை இறக்குபவர்களும் வந்த கட்டளையை அப்படியே திருப்பிச் சொல்வது இதனால்தான். படத்தில் மட்டுமே இருக்கும் ஒரு விவரம் அந்தப் பதிலில் வர வேண்டும். வந்தால்தான் படம் இறங்கியது, பார்க்கப்பட்டது என்று நிச்சயமாகும். அனுப்புகிறவர் அதைக் கேட்டு வாங்கலாம்: “அண்ணே, படத்துல மூக்கு எத்தனை மி.மீ. போட்டிருக்கேன்னு பாத்து எழுதிடுங்க, அப்புறம் அச்சு ஊத்துங்க.”

அதற்குப் பட்டறையிலிருந்து இப்படி ஒரு பதில் வந்தால் போதும்: “பாத்துட்டேன் தம்பி. மூக்கு 15 மி.மீ., பச்சை கிளேஸ், 2,000 உருப்படி. அச்சு ஊத்தி, காஞ்சதும் கிளேஸ் கொடுக்கறோம்.” வடிவத்தை மாற்ற நேரம் கடந்துவிட்டதென்றால் அதுவும் இந்தப் பதிலில்தான் தெரியவரும்: “மூக்கு ஏற்கெனவே வார்த்தாச்சு தம்பி, நிறம் மட்டும் மாத்தித் தரேன்.” செவ்வாய் இரவே இது வந்திருந்தால் இரண்டு பேரும் விலை பேசிக்கொள்ள முழுதாக ஒரு நாள் இருந்திருக்கும். பதில் வரவில்லையென்றால் புதன் காலை பட்டறை திறந்ததும் போன் போட்டுக் கேட்க வேண்டியதுதான், டிக் என்ன நிறத்தில் இருந்தாலும்.